ஒரே பலபடி, இரண்டு சராசரிகள்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பள்ளிக் கணக்கோடு தொடங்குகிறேன்.

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு மூன்று பிரிவுகள். இரண்டில் தலா 20 பேர். மூன்றாவதில் 80 பேர். பிரிவுக்குச் சராசரியாக எத்தனை பேர் என்று தலைமையாசிரியரைக் கேட்டால், 120ஐ மூன்றால் வகுத்து 40 என்பார். இப்போது ஒவ்வொரு மாணவரிடமும், "உன் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். 40 பேர் '20' என்பார்கள். 80 பேர் '80' என்பார்கள். அந்த 120 விடைகளின் சராசரி 60. எது சரி? இரண்டும் சரி. முதல் கணக்கில் பிரிவுக்கு ஒரு வாக்கு; இரண்டாவதில் மாணவருக்கு ஒரு வாக்கு.

பலபடிகளிலும் இதே நிலைதான். நீரின் மோலார் நிறை 18 என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடலாம். பாலிஸ்டைரீனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. தயாரிப்பின்போது சில சங்கிலிகள் விரைவில் நின்றுவிடுகின்றன. சில நெடுந்தூரம் வளர்கின்றன. எனவே சராசரிதான் சொல்ல முடியும். எந்தச் சராசரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்கப் பத்துச் சங்கிலிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்பதின் மோலார் நிறை தலா 10,000, ஒன்றினுடையது 1,10,000. கூட்டுத்தொகை 2,00,000. அதைப் பத்தால் வகுத்தால் 20,000. இதுவே எண் சராசரி மோலார் நிறை, Mn.

அடுத்து எடையைப் பார்ப்போம். ஒன்பது குட்டைச் சங்கிலிகளும் சேர்ந்து மொத்த எடையில் 45 சதவீதம்தான். ஒரே நெட்டைச் சங்கிலி 55 சதவீதம். எடைக்கேற்ப வாக்களித்தால்:

0.45 × 10,000 + 0.55 × 1,10,000 = 65,000

இது எடை சராசரி மோலார் நிறை, Mw. Mwஐ Mnஆல் வகுத்தால் 3.25. இந்த விகிதமே பரவல் அளவு. 2009இல் ஐயூபேக் அமைப்பு இதற்கு Đ என்னும் குறியீட்டைப் பரிந்துரைத்தது. எல்லாச் சங்கிலிகளும் ஒரே நீளமாக இருந்தால் Đ = 1. அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. எடை சராசரியில் நெட்டைச் சங்கிலிக்கு எப்போதும் கூடுதல் வாக்கு உண்டல்லவா?

இனி, ஆய்வகத்தில் ஏமாறும் இடத்துக்கு வருவோம். நம் மாதிரியைச் சரியாக உலர்த்தவில்லை. வினைபுரியாத ஸ்டைரீன் மூலக்கூறுகள் பத்து அதில் தங்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஸ்டைரீனின் மோலார் நிறை 104. கூடுதல் எடை 1,040. அதாவது அரைச் சதவீதம்தான். ஆனால் எண்ணிக்கை பத்திலிருந்து இருபதாகிவிட்டது. Mn சுமார் 10,050ஆகப் பாதியாகக் குறைகிறது. Mw ஏறக்குறைய 64,700, மாற்றம் சொற்பமே. Đ 3.25இலிருந்து 6.4க்குத் தாவுகிறது. பலபடிச் சங்கிலிகளில் எந்த மாற்றமும் இல்லை; மாறியது உலர்த்தும் நேரம் மட்டுமே.

Mnஐ அளக்கும் ஒரு முறை சவ்வூடுபரவல் அழுத்தம். அது துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. லிட்டருக்கு 10 கிராம் கரைத்தால், Mn 20,000 உள்ள பலபடி 27 டிகிரி செல்சியஸில் சுமார் 1,250 பாஸ்கல் தரும். அதாவது 13 செ.மீ. உயர நீர்மட்டம். ஸ்டைரீன் போன்ற சிறு மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து போய்விடுவதால் அவை கணக்கில் வருவதில்லை. ஆனால் மிகக் குட்டையான சங்கிலிகளும் அவ்வாறே நழுவினால், Mn உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அளக்கும்போது அழுத்தம் நிலைக்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பது இதற்கு அடையாளம்.

Mwஐ ஒளிச்சிதறல் மூலம் அளக்கிறோம். பெரிய துகள் மிக அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். அதனால் இங்கே எதிரி தூசி. சில தூசித்துகள்கள் இருந்தாலே Mw உயர்ந்துவிடும். கரைசலை நுண்வடிகட்டியில் மீண்டும் வடிகட்டி அளக்கும்போது எண் குறைந்தால், முன்பு அளந்ததில் தூசியும் சேர்ந்திருந்தது என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. Đ = 3.25 என்பது பரவலின் அகலத்தைத்தான் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. நம் மாதிரியில் இரண்டே நீளங்கள். எல்லா நீளமும் கலந்த வேறொரு மாதிரிக்கும் இதே விடை வரலாம்.

வகுப்பில் பாடம் நடத்தும்போது சூத்திரத்தைப் பிறகு எழுதுங்கள். காகித வளையங்களால் ஒன்பது குட்டைச் சங்கிலிகளும் ஒரு நெட்டைச் சங்கிலியும் செய்யச் சொல்லுங்கள். முதலில் சங்கிலிக்கு ஒரு வாக்கு. அடுத்து வளையத்துக்கு ஒரு வாக்கு. கடைசியாக, தனி வளையங்கள் பத்தை மேசைமேல் போட்டு, "இப்போது எந்தச் சராசரி அதிகம் மாறும்?" என்று கேளுங்கள். காரணத்தோடு சரியான விடை சொல்லும் மாணவருக்குச் சூத்திரம் மறந்தாலும் பாதகமில்லை. அவரே அதை மீண்டும் எழுதிவிடுவார்.