கதைமாந்தர்க்குப் பெயர் இடுதல்

நாவல் எழுதப் புகும் இளைஞர்கள் கதையமைப்பைப் பற்றியும் வருணனையைப் பற்றியும் பல நாள் சிந்திக்கிறார்கள். பாத்திரங்களின் பெயரைப் பற்றி மட்டும் ஒரு மாலைப்பொழுதுகூடச் செலவிடுவதில்லை. கைக்கு அகப்பட்ட ராமனையும் சீதாவையும் எழுதி வைத்துவிட்டு மேலே செல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருவனுடைய பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே அவன் எந்தச் சீமைக்காரன், ஏறக்குறைய எப்போது பிறந்தவன், ஊரில் அவனுக்கு என்ன மதிப்பு என்பதையெல்லாம் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். வாசகரும் அப்படியே ஊகிக்கிறார். அவருடைய ஊகம் கதையோடு பொருந்தாவிட்டால், அந்த இடத்திலேயே அவருக்குக் கதைமேல் உள்ள நம்பிக்கை தளர்ந்துவிடுகிறது.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பேசுவது உங்களுக்குப் பயன்படும். தாமிரபரணிக் கரையில் ஒரு கற்பனை ஊர். 1930-ஆம் ஆண்டு தொடங்கி 1950 வரையில் நடக்கும் கதை. நிலமுள்ள ஒரு சைவ வேளாளர் குடும்பம், அவர்கள் வயலில் உழைக்கும் ஒரு குடும்பம், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். இத்தகைய நாவல் ஒன்றுக்கு நான் பெயர்கள் தேர்ந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் செய்யவேண்டியது, ஒவ்வொரு பாத்திரமும் பிறந்த ஆண்டைக் குறித்துக்கொள்வது. பெயர், கதை நடக்கும் ஆண்டுக்கு உரியதன்று. பிறந்த ஆண்டுக்கும், பெயர் வைத்த பெற்றோருக்கும் உரியது. கதை தொடங்கும்போது குடும்பத் தலைவருக்கு அறுபத்திரண்டு வயது என்றால் அவர் 1868-இல் பிறந்தவர். அந்தக் காலத்துக் குழந்தைக்கு இளங்கோ என்றோ நெடுஞ்செழியன் என்றோ யார் பெயர் வைத்திருப்பார்கள்? 1916-ஐ ஒட்டித் தோன்றிய தனித்தமிழ் இயக்கம் வலுப்பெற்ற பிறகே அத்தகைய பெயர்கள் வீடுகளில் பரவின. அதே கதையில் 1949-இல் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குத் தமிழ்ச்செல்வி என்ற பெயர் மிக இயல்பாகப் பொருந்தும். இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்தாலே, காலம் மாறிவிட்டது என்பதை ஆசிரியர் ஒரு வாக்கியமும் எழுதாமல் உணர்த்திவிடலாம்.

அடுத்தது சீமை. நம் முன்னோர் பெரும்பாலும் அருகிலிருந்த கோயிலைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். திருவாரூரைச் சுற்றித் தியாகராஜனும் கமலாம்பாளும், மதுரையைச் சுற்றிச் சொக்கலிங்கமும் மீனாட்சியும், கொங்கு நாட்டில் பழனிச்சாமியும் நாச்சிமுத்துவும் மிகுதி. திருநெல்வேலிச் சீமையிலோ நெல்லையப்பன், காந்திமதி. சங்கரன்கோவிலை ஒட்டிக் கோமதி. பாபநாசத்தை ஒட்டி உலகம்மாள். இவை பெருங்கோயில்களைச் சார்ந்த பெயர்கள். ஊருக்கு வெளியே நிற்கும் தெய்வங்களைச் சார்ந்து சுடலைமுத்து, மாடசாமி, இசக்கி, பேச்சி என்று மற்றொரு வரிசை இருக்கிறது. எந்தக் கோயிலின் பெயர் எந்த வீட்டில் வழங்கியது என்பதைக் கவனித்தால், அந்நாளைய சமூகத்தின் படிகள் தெரியும். ஆனால் இதை இரும்பு விதியாகக் கொள்ளலாகாது. சுடலைமாடனைக் குலதெய்வமாகக் கொண்ட செல்வர் வீடுகளும் உண்டு. அங்கும் சுடலைமுத்துக்கள் பிறந்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களை எங்கே தேடுவது என்று நீங்கள் கேட்கலாம். பழைய கிரயப் பத்திரங்கள் நல்ல சுரங்கம். இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று அவற்றில் தந்தை பெயரும் சேர்ந்தே வரும். இரண்டு தலைமுறைப் பெயர்கள் ஒரே வரியில் கிடைத்துவிடும். கோயில் கல்லில் வெட்டிய உபயக்காரர் பெயர்கள், வீட்டுப் பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவையும் உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓர் ஆளின் முழுப் பெயரையும் ஊரையும் அப்படியே எடுத்துக் கதையில் வைத்துவிடாதீர்கள். அவருடைய பேரன் அந்த நாவலைப் படிக்கக்கூடும்.

இனி, நான் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு வருகிறேன். தலைவருக்கு நெல்லையப்ப பிள்ளை என்று பெயர் வைத்தேன். அவர் மகன் ஆறுமுகம். திருச்செந்தூர் நேர்த்திக்கடனால் பிறந்தவன். ஆறுமுகத்தின் மனைவி கோமதி. பெயரைக் கேட்டதுமே அவள் பிறந்த ஊர்ப் பக்கம் தெரிந்துவிடுகிறது. இவர்களுக்கு ஒரு மகன். இங்கேதான் சிக்கல். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைப்பது அந்நாளைய வழக்கம். ஆகவே பையனும் நெல்லையப்பனே. வழக்கத்தைக் காப்பாற்றினால் கதையில் இரண்டு நெல்லையப்பர்கள்; வாசகர் திணறுவார். வாசகருக்காகப் பெயரை மாற்றினால் வழக்கம் பொய்யாகும்.

விடை அந்த வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பையனை அந்தப் பெயரிட்டு அவளால் கூப்பிட முடியாது. அதனால் வீட்டில் அவன் 'ராசா' ஆகிவிடுகிறான்; வீடு முழுவதும் அப்படியே அழைக்கிறது; நாவலிலும் அவன் ராசாதான். நெல்லையப்பன் என்ற பெயர் ஒரே இடத்தில் வந்தால் போதும். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தாய் தனியே போக நேர்கிறது. ஆசிரியர் பெயர் கேட்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. தூரத்தில் தெரியும் கோபுரத்தைக் கையால் காட்டுகிறாள். ஆசிரியர் புரிந்துகொண்டு எழுதிக்கொள்கிறார். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கப்போய் ஒரு காட்சியே கிடைத்துவிட்டது.

பாட்டிக்குக் காந்திமதி என்று பெயர் வைக்கலாம். ஆனால் கோமதியும் காந்திமதியும் ஒரே ஓசையில் முடிகின்றன. ஒரே அடுக்களையில் இருவரும் பேசிக்கொண்டால், யார் சொன்னது யார் கேட்டது என்று வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க நேரும். ஆதலால் அவளை 'ஆச்சி' என்று மட்டுமே குறித்தேன். திருநெல்வேலியில் பாட்டியை வேறு எப்படி அழைப்பார்கள்? உறவுமுறையையே பெயராக்கிக்கொள்வது நம் மொழி தரும் வசதி.

பள்ளி ஆசிரியருக்கு ஞானமுத்து என்று பெயரிட்டேன். அச்சீமையில் மிஷன் பள்ளிகள் பல இருந்தன. ஞானமுத்து, தேவசகாயம், வேதமாணிக்கம் போன்றவை அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் வழங்கிய பெயர்கள். அவரே தூத்துக்குடிக் கடற்கரைப் பரதவர் குடும்பத்தவராக இருந்திருந்தால், போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வரும் பர்னாந்து என்ற குடும்பப் பெயர் அவருக்கு ஒட்டியிருக்கும். ஒரே மதம், ஒரே மாவட்டம். ஆயினும் பெயர் வேறு.

வயலில் உழைப்பவருக்கு மாடசாமி என்று பெயர் வைத்தேன். என்னை நெடுநேரம் தயங்கவைத்த பெயர் இதுதான். அவருடைய தாய் வைத்த பெயர் மாடசாமி. நெல்லையப்ப பிள்ளை அழைப்பது 'ஏலே மாடா'. 'சாமி' என்ற பாதியை ஊர் வெட்டி எறிந்துவிட்டது. அந்நாளில் பல ஊர்களில் இதுதான் நடைமுறை. முழுப் பெயர் சொல்லி அழைப்பதே மரியாதை. அந்த மரியாதை உழைப்பவருக்குக் கிடைக்கவில்லை. நாவலாசிரியர் அந்த அழைப்பை உரையாடலில் மறைக்கக் கூடாது. மறைத்தால் ஊரைப் பொய்யாகக் காட்டியவர் ஆவார்.

ஆனால் கதை சொல்லும் குரல் அவரை எப்படிக் குறிக்கவேண்டும்? தமிழில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வினைமுற்றிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பிள்ளை வந்தார், மாடன் வந்தான்' என்று எழுதினால், அந்த ஊரின் தீர்ப்பில் ஆசிரியரும் கையொப்பம் இட்டுவிடுகிறார். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஆகவே கதை சொல்லுமிடத்தில் எப்போதும் 'மாடசாமி வந்தார்' என்றே எழுதத் தீர்மானித்தேன். பிள்ளையின் வாயில் மாடன், கதையின் வாயில் மாடசாமி. இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது வாசகர் அந்த இடைவெளியைக் காண்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பும் அவர் மகன், தந்தையின் முழுப் பெயரையும் மேலுறையில் எழுதிய ஒரு கடிதத்தைத் தபால்காரர் பிள்ளையின் எதிரில் உரக்கப் படிப்பதாக ஓர் இடம் வருகிறது. அந்த இடத்துக்கு வலிமை தருவது, முதல் அத்தியாயத்திலிருந்து காத்த இந்த வேறுபாடுதான்.

பெயரின் வாலும் காலத்தைக் காட்டும். 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. அதன்பின் பட்டம் இல்லாமல் கையெழுத்திடும் இளைஞர்கள் தோன்றினார்கள். எங்கள் ராசா 1948-இல் கல்லூரியில் படிக்கும்போது 'ஆ. நெல்லையப்பன்' என்று மட்டும் கையெழுத்திடுகிறான். பாட்டனார் அதைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைக்கிறார். வாதப் பிரதிவாதம் எதுவும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் குழப்பம் தவிர்க்கும் சோதனை. எல்லாப் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கவேண்டும். வேகமாகப் படிப்பவர் பெயரை முழுவதும் படிப்பதில்லை. முதலெழுத்தையும் நீளத்தையும் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார். சண்முகம், சங்கரன், சடகோபன் என்று மூவர் இருந்தால் வாசகருக்கு மூவரும் ஒருவரே. என் பட்டியல் நெ, ஆ, கோ, ரா, ஞா, மா என்று வெவ்வேறு எழுத்துக்களில் தொடங்குகிறது. ஆச்சிக்கும் ஆறுமுகத்துக்கும் மட்டும் முதலெழுத்து ஒன்று, நீளமும் ஆண்பால் பெண்பாலும் வேறாகையால் அதை விட்டுவிட்டேன். பிறகு வேற்றுமை உருபைச் சேர்த்து உரக்கப் படிக்கவேண்டும். ஆவுடைநாயகம் அழகிய பெயர்தான். 'ஆவுடைநாயகத்தினிடத்திலிருந்து' என்று நாற்பது முறை எழுத நேரும்போது அதன் அழகு போய்விடும்.

உண்மையான ஊரில் பத்துச் சுடலைகள் இருப்பார்கள். நாவலில் ஒருவருக்கு மேல் இடமில்லை. இரண்டாமவர் கட்டாயம் வேண்டுமானால், ஊரார் செய்வதுபோலவே 'மேலத்தெருச் சுடலை' என்று தெருவைச் சேர்த்துவிடலாம். ஓர் அத்தியாயத்தில் மட்டும் வந்து போகும் வண்டிக்காரருக்குப் பெயரே வேண்டாம். பெயர் சொன்னால், இவர் மறுபடி வருவார் போலும் என்று வாசகர் அதை நினைவில் சுமந்துகொண்டே இருப்பார்.