வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை

வில்லியனூர் தேரோட்டத்துக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையை அடுத்த மாதம் எடுத்துப் பாருங்கள். அக்குளில் மட்டும் மஞ்சள் படிந்திருக்கும். பழி வேர்வைக்குத்தான் போகிறது. ஆனால் வேர்வைக்கு நிறமே இல்லை.

வேர்வையைத் தடுக்கப் பூசும் பல பூச்சுகளில் அலுமினிய உப்பு உண்டு. அது வேர்வையிலுள்ள புரதத்தோடும் தோலின் எண்ணெய்ப் பசையோடும் சேர்ந்து பருத்தி இழையில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிஞ்சி, மஞ்சளாகி, துணி விறைத்துப்போகும். தொட்டால் மொடமொடவென்று இருந்தால் இந்தக் கறைதான்.

இதற்குப் பிளீச்சிங் பவுடர் போடுவது பெரிய தவறு. குளோரின் பட்டால் புரதம் இன்னும் மஞ்சளாகும். சொட்டு நீலமோ கறையை மறைக்குமே தவிர எடுக்காது.

அலுமினியத்தைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, அக்குள் பகுதியை அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். பிறகு வழக்கம்போல் சோப்புப் போட்டுத் துவையுங்கள். கொதிநீர் வேண்டாம். வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பல மாதக் கறை முழுதாகப் போகாது. கறை தெரியும்போது இஸ்திரி போட்டால் அது இன்னும் இறுகிவிடும். கறை சேராமல் இருக்க, பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே சட்டையைப் போடுங்கள், கழற்றிய அன்றே அலசிவிடுங்கள்.