பெயர் கூப்பிடும் முன்

மாவட்டப் போட்டியில் நீளம் தாண்டப் போகும் மாணவிக்குப் பெயர் கூப்பிடும் முன்பே கை சில்லிட்டு, வயிறு கலங்கும். அப்போது "ஜெயிச்சுட்டு வா" என்றால் பதற்றம் கூடத்தான் செய்யும்; பரிசு மற்றவர்களின் தாண்டலையும் பொறுத்தது அல்லவா? "கடைசி இரண்டு எட்டில் வேகம் குறையாமல் பலகையை மிதி" என்பதோ அவள் கையில், இல்லை, காலில் இருக்கும் இலக்கு.

கூடவே மூச்சு. மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை மெதுவாக விடட்டும். இரண்டு நிமிடம் போதும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, இதைப் போட்டியன்று முதல்முறையாகச் சொல்லித் தராதீர்கள். சில வாரங்கள் முன்பே, பயிற்சித் தாண்டலின்போதே பழக்கிவிடுங்கள்.