ஒன்பது கிரகமும் ஒன்பது தானியமும்
(திருவண்ணாமலைச் சொற்பொழிவு)



கடவுள் உண்டா, இல்லையா என்று வாதாட நான் இங்கு வரவில்லை. சிவன் கோவிலில் தனி மேடையில் ஒன்பது பொம்மைகள் நிற்கின்றனவே, அவற்றிற்குச் சொல்லப்படும் வரிசை, நிறம், தானியம் ஆகியவற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

முதலில் வரிசை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கடைசியில் ராகு, கேது என்பது நீங்கள் கேட்டுப் பழகிய வரிசை. முதல் ஏழும் வாரத்தின் ஏழு நாட்களே. ஞாயிற்றுக்குப் பின் ஏன் திங்கள் வரவேண்டும்? பஞ்சாங்கத்தில் ஓரை என்று ஒரு பக்கம் இருக்கிறதல்லவா? அங்கே சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று வேறு வரிசை இருக்கும். சனியிலிருந்து தொடங்கிப் படித்தால், வானத்தில் மெதுவாய் நகர்வதாகக் காண்பது முதல் வேகமாய் நகர்வது வரை அடுக்கிய வரிசை அது. சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 30 வருஷம். சந்திரனுக்கு 27 நாள் சொச்சம்.

ஒரு நாளுக்கு 24 ஓரை. ஞாயிறு முதல் ஓரை சூரியனுக்கு. ஏழு ஏழாக மூன்று சுற்றுப் போனால் 21 தீரும். 22 மறுபடி சூரியன், 23 சுக்கிரன், 24 புதன். மறுநாள் முதல் ஓரை சந்திரனுக்கு விழுகிறது. ஆகவே திங்கட்கிழமை! அங்கிருந்து இப்படியே எண்ணினால் அடுத்தது செவ்வாய். இவ்வளவுதான் ரகசியம். 24 என்ற எண்ணை 7-ஆல் வகுத்தால் 3 மீதி வருகிறது. அந்த மீதிதான் மேடையில் நின்று மாலை வாங்கிக்கொள்கிறது.

இந்த 24-ம் நம்முடையதல்ல. "ஹோரா" என்பது கிரேக்கச் சொல். நம்முடைய 60 நாழிகைக்கு ஒவ்வொரு கிரகமாக எண்ணியிருந்தால், 61-வது நாழிகை சனிக்கு வந்து, ஞாயிற்றுக்கு மறுநாளே சனிக்கிழமையாயிருக்கும்! இந்நாட்டில் கிழமை குறித்த பழைய கல்வெட்டாக அறிஞர் காட்டும் ஏரண் தூண் எழுத்து கி.பி. 484-ஐச் சேர்ந்தது. அநாதி வரிசையென்பது இவ்வளவு வயதுடையது.

அடுத்தது, உங்கள் ஊர் மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்கள். அக்கினி லிங்கம் சந்திரனுக்கு, எம லிங்கம் செவ்வாய்க்கு, நிருதி ராகுவுக்கு, வருணன் சனிக்கு, வாயு கேதுவுக்கு, குபேரன் குருவுக்கு, ஈசானியம் புதனுக்கு என்கிறார்கள். திக்குகளோ எட்டு, கிரகங்களோ ஒன்பது. என்ன செய்தார்கள்? கிழக்கேயுள்ள இந்திர லிங்கத்திற்குச் சூரியனையும் சுக்கிரனையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்! வீட்டில் இடமில்லாவிட்டால் இரண்டு பேரை ஓர் அறையில் படுக்கவைப்பது போன்ற ஏற்பாடு இது.

இனி நிறமும் தானியமும். சூரியனுக்குச் சிவப்பு, கோதுமை. சந்திரனுக்கு வெள்ளை, நெல். செவ்வாய்க்குச் சிவப்பு, துவரை. புதனுக்குப் பச்சை, பச்சைப்பயறு. குருவுக்கு மஞ்சள், கொண்டைக்கடலை. சுக்கிரனுக்கு வெள்ளை, மொச்சை. சனிக்குக் கறுப்பு, எள். ராகுவுக்குக் கறுப்பு, உளுந்து. கேதுவுக்குப் பல நிறம், கொள்ளு. பெரும்பாலும் துணியின் நிறத்திற்குத் தானியத்தின் நிறத்தைப் பார்த்துச் சேர்த்ததே தவிர வேறு காரணம் தெரிகிறதா? செவ்வாய் கண்ணுக்குச் சிவப்பாய்த் தெரிவது மெய். ஆனால் சனி கறுப்பல்ல. தொலைநோக்கியில் வெளிர் மஞ்சளாய்த் தெரிகிறது. ராகு கேதுக்களுக்கு உடலே கிடையாது. சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளே அவை. புள்ளிக்கு வேட்டி எதற்கு, உளுந்து எதற்கு?

கிராமத்துத் தோழர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பாட்டன்மார் உண்டு உழைத்த கேழ்வரகும் கம்பும் சாமையும் இந்தப் பட்டியலில் எங்கே? இந்தப் பக்கத்துக் கொல்லைகளில் விளையும் வேர்க்கடலை எங்கே? அமெரிக்காவிலிருந்து அது இங்கு வருமுன்பே பட்டியல் முடிந்துவிட்டது. 1781-ல் கண்ட யுரேனசுக்கும், 1846-ல் கண்ட நெப்டியூனுக்கும் ஒரு பிடி தானியமுமில்லை, ஒரு முழத் துணியுமில்லை. அவை நம்மீது கோபித்துக்கொண்டதாக எந்த ஜோசியனும் சொல்லவில்லை!

இதெல்லாம் வேடிக்கையோடு முடிந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். ஜாதகத்தில் 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷமாம். பன்னிரண்டில் ஐந்து! லக்கினத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே நூறு பெண்களில் ஏறக்குறைய 42 பேர் குற்றவாளிகள். சந்திரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் பலர். விதிவிலக்கு வேண்டுமானால் அதையும் அவர்களே சொல்லவேண்டும், அதற்கும் கட்டணம். பெண்ணைப் பெற்றவன் கடன் வாங்கித் துவரையும் சிவப்புத் துணியும் தட்சணையும் கொடுக்கிறான். கொடுத்தபின் செவ்வாய் வீடு மாறிற்றா? ஜாதகத்தில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. துவரை மட்டும் வீடு மாறிற்று.

ஆகையால் தோழர்களே, அந்தத் துவரையை வீட்டிலேயே வேகவைத்து அந்தப் பெண்ணுக்குப் போடுங்கள். துணியை அவளுக்கே உடுத்தக் கொடுங்கள். தட்சணைக்கு வைத்த பணத்தில் அவளைப் படிக்க வையுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கேட்டால், பெண்ணையும் பிள்ளையையும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். செவ்வாய் தன் பாதையில் 687 நாளைக்கொரு முறை தவறாமல் சுற்றிக்கொண்டிருக்கும்; அதற்கு நம் வீட்டுச் சங்கதி ஒன்றும் தெரியாது.