பில் அனுப்பினால் மட்டும் பணம் வராது: கொட்டேஷன் முதல் ரசீது வரை ஐந்து தாள்கள்

(பேராக் மாநிலத்தில் புதிதாகச் சொந்தத் தொழில் தொடங்கிய நம் குடும்பங்களுக்காக ஈப்போவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரப்பர் தோட்டத்தில் நம் பெற்றோர் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றார்கள். அவர்களுடைய பேர் செக்ரோலில் பதிந்தது. அந்தச் செக்ரோலோ கிராணியார் கையில் இருந்தது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், எவ்வளவு பிடித்தம் என்ற கணக்கெல்லாம் நிர்வாகத்தின் தாளில்தான். தோட்டம் கைமாறி நஷ்டஈடு கேட்கும் நாள் வந்தபோது, நம்மவர் பலர் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. இன்று நீங்கள் கேட்டரிங் செய்கிறீர்கள், துணி தைக்கிறீர்கள், பலகாரம் போடுகிறீர்கள், லோரி ஓட்டுகிறீர்கள். தாளை எழுத வேண்டியவர் இப்போது நீங்கள்தான். ஆனாலும் பணம் வராமல் போகும் வழக்குகளில் நான் கேட்கும் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பில் அனுப்பிட்டேன் சார், அவங்கதான் கொடுக்கல."

பில் என்பது நீங்களே எழுதிக்கொண்ட தாள். "இவர் எனக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அதை உண்மையென்று காட்ட எதிர்த்தரப்பின் கையெழுத்து வேறு இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று, விலைக்குச் சம்மதம் சொன்ன இடம். மற்றொன்று, பொருளைப் பெற்றுக்கொண்ட இடம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் ஐந்து தாள்களும் தாமாகவே விளங்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா, வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார். எஸ்.எஸ்.எம்.மில் வணிகத்தைப் பதிந்திருக்கிறார். ஈப்போவில் ஒரு கம்பெனி தீபாவளிக்குத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க 400 பாக்கெட் கேட்கிறது. ஒரு பாக்கெட் 9 வெள்ளி 50 காசு. மொத்தம் 3,800 வெள்ளி.

முதல் தாள்: கொட்டேஷன்

மலாயில் 'செபுட் ஹர்கா' என்பார்கள். "இந்தப் பொருளை, இந்த விலைக்கு, இந்த நாளுக்குள் தர நான் தயார்" என்று நீங்கள் சொல்வது இது. இதில் யாரும் யாருக்கும் இன்னும் கடன்படவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, அவர்கள் சம்மதம் சொல்லும் முன் நீங்கள் இதைத் திரும்பப் பெறலாம். அதனால் இதில் "14 நாட்களுக்குச் செல்லும்" என்பது போல ஒரு கெடு எழுதுங்கள். கெடு இல்லாவிட்டால், மாவும் எண்ணெயும் விலை ஏறிய பிறகு பழைய விலையைக் காட்டி ஒருவர் வந்து நிற்பார். அவர் வந்தது நியாயமான காலத்துக்குள்ளா இல்லையா என்று வீணாக வாதாட வேண்டிவரும்.

கொட்டேஷனின் அடியில் "மேற்கண்டவற்றை ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி போட்டு, பெயர், பதவி, தேதி, கையெழுத்து, கம்பெனி சாப்பு ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். பெரிய கம்பெனி அதற்குப் பதிலாகத் தன்னுடைய பி.ஓ.வை அனுப்பும். வந்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் "பொருள் இறக்கிய 14 நாளில் பணம்" என்று எழுதியிருக்க, அவர்களுடைய பி.ஓ. "60 நாள்" என்று சொன்னால், அது உங்கள் விலைக்கான சம்மதம் ஆகாது. புதிய பேரம் ஆகும். அதைப் பார்க்காமல் பொருளை இறக்கினால் 60 நாளுக்கு நீங்கள் ஒத்துக்கொண்டதாகவே வாதிடுவார்கள். வாட்ஸ்ஆப்பில் "சரி, செய்யுங்க" என்று வந்த பதிலும் சம்மதம்தான். 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இரண்டாம் தாள்: புரோஃபோர்மா இன்வாய்ஸ்

சம்மதம் வந்துவிட்டது, ஆனால் பொருள் இன்னும் போகவில்லை. மாவு, நெய், பிளாஸ்டிக் உறை வாங்க முன்பணம் வேண்டும். அக்கா பாதித் தொகையான 1,900 வெள்ளியைக் கேட்டு ஒரு புரோஃபோர்மா அனுப்புகிறார். கம்பெனியின் கணக்குப் பிரிவு ஒரு தாள் இல்லாமல் பணம் விடாது, அதற்குத்தான் இது. பார்வைக்குப் பில் மாதிரியே இருக்கும், ஆனால் பில் அல்ல. இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காத பொருளுக்கு முழுப் பணத்தையும் கடனென்று கேட்க முடியாது. ஆகவே தலைப்பில் 'புரோஃபோர்மா' என்ற சொல் பெரிதாக இருக்கட்டும். இதற்குத் தனி எண் வரிசை வையுங்கள். பில்லின் எண் வரிசையில் கலந்தால், ஒரே விற்பனை கணக்கில் இரண்டு முறை ஏறிவிடும். பிறகு வருமான வரிக்கு விளக்கம் சொல்வது உங்கள் தலையில் விழும்.

மூன்றாம் தாள்: டி.ஓ.

பாடப்புத்தகத்தில் டெலிவரி நோட், மலாயில் 'நோத்தா ஹந்தாரான்', நம் பேச்சில் டி.ஓ. இதில் விலை இருக்க வேண்டியதில்லை. என்ன பொருள், எத்தனை, எந்த நாள், எங்கே இறக்கியது, யார் வாங்கியது என்பதே போதும். ஐந்து தாள்களில் நம்மவர் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான். வழக்கில் அதிகம் தேடப்படுவதும் இதுதான்.

அக்கா முதல் நாள் 250 பாக்கெட் இறக்குகிறார். மறுநாள் 150 இறக்குகிறார். இரண்டாம் நாள் 12 பாக்கெட் நொறுங்கியிருக்கிறது என்று ஸ்டோர்க்காரர் திருப்பிக் கொடுக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் தனித்தனி டி.ஓ. வேண்டும். இரண்டாம் டி.ஓ.வில் "150 கொண்டுவந்தது, 12 திருப்பியது, 138 பெற்றது" என்று அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதாமல் வந்துவிட்டால், ஒரு மாதம் கழித்து அந்த 12 என்பது 60 ஆக வளர்ந்திருக்கும்.

வெறும் கிறுக்கல் கையெழுத்து போதாது. அதன் கீழே முழுப்பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், சாப்பு கேளுங்கள். அந்த ஸ்டோர்க்காரர் நாளை வேலையை விட்டுப் போனால், "இது யார் கையெழுத்து என்றே தெரியாது" என்பார்கள். கையெழுத்திட்ட ஒரு பிரதி உங்களோடு திரும்பி வர வேண்டும். சாப்பு இல்லையென்றால், இறக்கிய பொருளும் பெற்றவரின் கையெழுத்திட்ட தாளும் தெரிய ஒரு படம் எடுத்து அன்றே கம்பெனிக்கு அனுப்பிவையுங்கள்.

நான்காம் தாள்: இன்வாய்ஸ், அதாவது பில்

இப்போதுதான் பில். பி.ஓ. எண்ணையும் இரண்டு டி.ஓ. எண்களையும் அதில் குறிப்பிடுங்கள். 388 பாக்கெட்டுக்கு 3,686 வெள்ளி. முன்பணம் 1,900 கழித்தால் பாக்கி 1,786 வெள்ளி. பணம் தர வேண்டிய கடைசி நாள் இது. அவ்வளவுதான் அந்தப் பில்.

'டேக்ஸ் இன்வாய்ஸ்' என்ற தலைப்பைப் பற்றி ஒரு விஷயம். 2015 ஏப்ரல் 1 முதல் ஜி.எஸ்.டி. நடப்பிலிருந்த காலத்தில், அதில் பதிந்தவர் கொடுத்த பில்லுக்குச் சட்டம் வைத்த பேர் அது. 2018 ஜூன் 1-இல் ஜி.எஸ்.டி. பூஜ்யமாக்கப்பட்டது, அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்.எஸ்.டி. திரும்ப வந்தது. ஆனால் பழைய பில் புத்தகத்திலும் மென்பொருளிலும் அந்தத் தலைப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எஸ்.எஸ்.டி.யில் பதியாதவர் என்றால் சாதாரண 'இன்வாய்ஸ்' என்று மட்டும் போடுங்கள். பதியாமல் வரி என்று ஒரு வரி சேர்த்து 6 அல்லது 8 விழுக்காடு வாங்குவது குற்றம். பார்த்துப் பழகிய இன்னொருவருடைய பில்லை அப்படியே நகல் எடுத்து இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வருமான வரி வாரியத்தின் மின்-இன்வாய்ஸ் என்பது வேறு விஷயம். ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளிக்குக் குறைந்த சிறு வணிகர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அக்காவின் சாதாரண பில் செல்லும்.

ஐந்தாம் தாள்: ரசீது

பணம் கைக்கு வந்தது என்று நீங்கள் ஒப்புக்கொள்வது ரசீது. மற்ற தாள்களில் எதிர்த்தரப்பின் கையெழுத்து உங்களைக் காப்பாற்றும். இதில் உங்கள் கையெழுத்து அவர்களைக் காப்பாற்றும். அதனால்தான் சில அலுவலகங்களில் "பில்லோடு ரசீதையும் கொடுத்துட்டுப் போங்க, பிறகு பணம் போடுறோம்" என்பார்கள். கொடுக்காதீர்கள். ரசீதைக் கொடுத்துவிட்டால், பணம் வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில் ஏறிவிடும். காசோலை என்றால் "காசோலை மாறினால் மட்டுமே செல்லும்" என்று எழுதி, காசோலை எண்ணையும் குறியுங்கள். முன்பணம் 1,900க்கு ஒரு ரசீது, பாக்கி 1,786க்கு ஒரு ரசீது, இரண்டிலும் எதற்காக என்று எழுதியிருக்க வேண்டும்.

பொருள் விற்பனை ஆண்டுக்கு 150,000 வெள்ளியையோ, சேவை 100,000 வெள்ளியையோ தாண்டினால், வரிசை எண் அச்சிட்ட ரசீது கொடுப்பது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி கட்டாயம். தாள்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பாக்கி வராவிட்டால்?

முதலில் எழுத்தில் கேளுங்கள். பி.ஓ., டி.ஓ., பில் மூன்றின் நகலையும் இணைத்து, பதில் தர ஒரு நாள் குறித்து அனுப்புங்கள். டேவிட் வோங் ஹோன் லியோங் என்பவருக்கும் நூராஸ்மான் என்பவருக்கும் இடையிலான வழக்கில், 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைக் கவனித்தது. அப்படி ஓர் உடன்பாடே இல்லையென்றால், பணம் கேட்டு வந்த கடிதத்துக்கு உடனே பலமாக மறுப்பு வந்திருக்க வேண்டுமே என்பதுதான் அது. தொழில் விவகாரத்தில் மௌனமும் சாட்சியாகலாம். ஆனால் மௌனம் மட்டுமே எல்லா வழக்கையும் வென்று தராது, டி.ஓ.வும் வேண்டும்.

அடுத்தது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பாக்கியை, தனி ஆள் வணிகம் செய்பவர் வக்கீல் இல்லாமல் தானே கேட்கலாம். பாரம் 198ஐ நிரப்பி, தாள்களை இணைத்துப் பதிய வேண்டும். அக்காவின் 1,786 வெள்ளி இதற்குள் அடங்கும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய் அலையாதீர்கள். அது வாங்கியவருக்கு உள்ள இடம், விற்றவருக்கு அல்ல. ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்ற பேச்சை நம்பி அந்தக் காலத்தைக் கரையவிடாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும், உங்களுக்குப் பணம் பாக்கியுள்ள ஒரு பில்லை எடுங்கள். அதனோடு விலைக்குச் சம்மதித்த தாளும், பெயரோடு கையெழுத்திட்ட டி.ஓ.வும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளையே அந்த அலுவலகத்துக்கு எழுதி, எத்தனை பொருள் பெற்றார்கள் என்பதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது அந்தப் பதில் சுலபமாக வரும். சண்டை வந்த பிறகு வராது.