ஒரு வேலை, மூன்று அடக்கவிலை



தலைமை உரைக்கு ஒதுக்கிய நேரத்தை ஒரே ஒரு ஜாப்பின் கணக்கைப் பிரித்துப் பார்க்கச் செலவிடுகிறேன். மேற்செலவை எந்த அடிப்படையில் ஏற்றுவது என்ற விவாதத்தில் நம் பாடநூல்கள் சூத்திரங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பது ஜாப் கார்டைக் கையில் எடுத்தால்தான் தெரியும்.

கோவையில் பம்ப் உதிரிகள் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வகுத்தவை. ஆண்டு பட்ஜெட்டில் வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், தேய்மானம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து மேற்செலவு 24 லட்சம் ரூபாய். நேரடிப் பொருள் 90 லட்சம், நேரடிக் கூலி 30 லட்சம். ஆக முதன்மை அடக்கவிலை 120 லட்சம். நேரடி உழைப்பு 30,000 மணி. இதிலிருந்து மணிக்கு 80 ரூபாய், கூலியில் 80 சதவீதம், முதன்மை அடக்கவிலையில் 20 சதவீதம் என மூன்று விகிதங்கள் கிடைக்கின்றன. பட்ஜெட்படியே ஆண்டு ஓடினால் மூன்றுமே அந்த 24 லட்சத்தைச் சரியாக வசூலித்துவிடும். மொத்தம் ஒத்துப்போவதால்தான் ஜாப்பில் விழும் பிழை கணக்கேட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது கன்மெட்டல் இம்பெல்லர் ஆர்டர் ஒன்று வருகிறது. பொருள் 60,000 ரூபாய். வேலை 100 மணி. நுணுக்கமான வேலை என்பதால் மூத்த டர்னர் செய்கிறார். அவருக்கு மணிக்கு 150 ரூபாய், ஆகக் கூலி 15,000. முதன்மை அடக்கவிலை 75,000. உழைப்பு மணிப்படி மேற்செலவு 8,000, கூலி சதவீதப்படி 12,000, முதன்மை அடக்கவிலைப்படி 15,000. மொத்த அடக்கம் முறையே 83,000, 87,000, 90,000.

மணிக்கும் கூலிக்கும் இடையிலான 4,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? பட்டறையின் சராசரிக் கூலி மணிக்கு 100 ரூபாய். இந்த டர்னருக்கு 150. சராசரிக் கூலி வாங்குபவர் செய்திருந்தால் இரண்டு முறையும் 8,000 என்றே சொல்லியிருக்கும். இதையே மறுபக்கம் பாருங்கள். மணிக்கு 75 ரூபாய் வாங்கும் இளைஞர் இன்னொரு ஜாப்பை 160 மணியில் முடிக்கிறார், கூலி 12,000. கூலி சதவீதம் 9,600 ஏற்றும், மணிக்கணக்கு 12,800 ஏற்றும். லேத்தையும் மேற்பார்வையாளரையும் அவர் 160 மணி நேரம் பிடித்துவைத்திருந்தார். வாடகையும் மேற்பார்வையும் நேரத்தோடு ஓடுபவை. ஆகவே கூலி விகிதங்கள் விரிந்து கிடக்கும் பட்டறையில் என் ஓட்டு மணிக்கணக்குக்கே. ஆனால் அதற்கு ஜாப் வாரியாக நேரம் எழுதும் ஒழுங்கு வேண்டும். மாலையில் ஞாபகத்திலிருந்து நிரப்பும் டைம் ஷீட்டை நம்பி மணிக்கணக்குப் போடுவதைவிட, கூலிப் பட்டியலில் உள்ளபடி சதவீதம் போடுவது மேல்.

முதன்மை அடக்கவிலை முறைக்கு இவ்வளவு இரக்கம் காட்ட முடியவில்லை. அதே பார்ட்டி அடுத்த முறை வார்ப்பைத் தானே கொடுத்து, கடைவதற்கு மட்டும் ஜாப் ஒர்க் கேட்கிறார் என்று வையுங்கள். வேலை அதே 100 மணி, அதே டர்னர், அதே லேத். மற்ற இரண்டு முறைகளிலும் மேற்செலவு அசையாது. இங்கு மட்டும் 15,000 ரூபாய் 3,000 ஆகச் சுருங்குகிறது. பட்டறைக்குள் எதுவும் மாறவில்லை. பொருளுக்கான பில் யார் பெயரில் வந்தது என்பது மட்டுமே மாறியது.

விளைவு கொட்டேஷனில் தெரியும். இந்த முறையைப் பிடித்துக்கொண்டவர் பொருள் விலை மிகுந்த ஆர்டர்களை இழப்பார். ஜாப் ஒர்க் மட்டும் மலிவு என்று குவியும். ஆட்கள் 30,000 மணியும் உழைத்து, கூலி 30 லட்சமும் போய், பொருள் மட்டும் 60 லட்சமாகக் குறைந்தால், 20 சதவீதம் 90 லட்சத்தின் மீது 18 லட்சத்தைத்தான் மீட்கும். மேற்செலவு 24 லட்சமாகவே நின்றால் 6 லட்சம் குறை ஈர்ப்பு. பட்டறை நிரம்பி வழிந்தும் மேற்செலவு மீளவில்லை என்றால் செலவைக் குறைக்கச் சொல்லும் முன் அடிப்படையைச் சோதியுங்கள்.

மணிக்கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது. ஒரே ஆள் இரண்டு சிஎன்சி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் மனித மணி எதையும் அளப்பதில்லை. அங்கே இயந்திர மணி விகிதம்தான். அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் 1901இலேயே கூலியின் மீது சதவீதம் ஏற்றும் வழக்கத்தைக் கண்டித்து, இயந்திரவாரியாகச் செலவைப் பிரிக்கச் சொன்னார். நம் பட்டறைகள் பலவற்றில் அந்தச் சதவீதம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கட்டுரை வாசிக்கப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பரிந்துரைக்கும் விகிதத்தின் பக்கத்தில் அந்தத் தொழிலகத்தின் மிகக் குறைந்த கூலியையும் மிக அதிகக் கூலியையும், பார்ட்டி கொடுக்கும் பொருளில் நடக்கும் வேலையின் பங்கையும் எழுதிக் காட்டுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.