ஓய்வுக்குப் பின் ஆலோசனைத் தொழில் – ஒரு மின்பொறியாளரின் அனுபவம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். ஆலோசகராக இருக்கிறேன் என்றேன். "உன்கிட்ட யாரு ஆலோசனை கேக்கறா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். என் முதல் வேலையைச் சொல்கிறேன். அதில் நான் சறுக்கியதும் உண்டு.

2016-ல் ஓய்வு பெற்றதும், உடன் வேலை பார்த்த இருபது பேருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். வேலை கேட்கவில்லை. டிரான்ஸ்பார்மர், பேனல், மின்திறன் காரணி ஆகிய மூன்றில் மட்டும் உதவ முடியும் என்று எழுதினேன். நாலு மாதம் பதில் இல்லை. பிறகு என்னிடம் சூபர்வைசராக இருந்து, இப்போது ஒரு நூற்பாலையில் மேலாளராக இருப்பவர் கூப்பிட்டார். "சார், கெப்பாசிட்டர் எல்லாம் உப்பி உப்பிப் போகுது, ஃபியூஸ் நிக்க மாட்டேங்குது."

ஆலைகளில் மின்திறன் காரணி 0.9-க்குக் கீழே போனால் மின்வாரியம் கூடுதல் கட்டணம் போடும். அதைத் தடுக்கத்தான் கெப்பாசிட்டர்கள். அங்கே 50 கே.வி.ஏ.ஆர். வீதம் பதினாறு, மொத்தம் 800. லோடுக்குத் தக்கபடி பேனல் தானே ஒவ்வொன்றாகச் சேர்க்கும். நான் போன நேரத்தில் பத்துதான் ஓடிக்கொண்டிருந்தன. கிளாம்ப் மீட்டரில் கரண்ட் சரியாகவே இருந்தது. "சரக்கு மட்டம், நல்ல ஹெவி டியூட்டியாப் போடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றே மாதத்தில் அவையும் உப்பின. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமல்ல.

நம் கல்லூரியில் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்த ஒரு பெண், மின் தர ஆய்வுக் கருவி வைத்துத் தொழில் செய்துவந்தார். அவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சார், அங்கே சமீபத்துல என்ன மாத்தினாங்க?" என்பதுதான். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. ஸ்பின்னிங் மெஷின்களுக்கெல்லாம் புதிதாக இன்வெர்ட்டர் டிரைவ் போட்டிருந்தார்கள். டிரைவ்கள் 50 ஹெர்ட்ஸ் கரண்டோடு, அதன் ஐந்து மடங்கான 250 ஹெர்ட்ஸையும் கலந்து இழுக்கும். இதுதான் ஐந்தாம் ஹார்மோனிக்.

கருவியை ஒரு வாரம் பேனலிலேயே விட்டுவைத்தார். பதினாறாவது கெப்பாசிட்டர் சேரும்போதெல்லாம் 250 ஹெர்ட்ஸ் கரண்ட் எகிறியது. காரணம் ஒரு சின்னக் கணக்கு. டிரான்ஸ்பார்மர் 1000 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் 5 சதம். 1000-ஐ 0.05-ஆல் வகுத்தால் 20,000. அதை 800-ஆல் வகுத்தால் 25. அதன் வர்க்கமூலம் 5. அதாவது டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தாம் ஹார்மோனிக்கிலேயே ஆடத் தயாராக நிற்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல டிரைவ்கள் அதைத் தள்ளின. நான் பார்த்தபோது 500-தான் ஓடியது, விடை 6.3. அதனால்தான் என் கண்ணில் படவில்லை.

தீர்வு, ஒவ்வொரு கெப்பாசிட்டரோடும் தொடராக 7 சத ரியாக்டர். அந்த ஜோடி 189 ஹெர்ட்ஸில்தான் இசையும். 250 அதற்கு மேலே இருப்பதால் ஊஞ்சல் ஆடாது. அறிக்கை எழுதும் முன், கெப்பாசிட்டர் பரிசோதனையிலேயே ஆயுளைக் கழித்த என் பழைய நண்பரிடம் காட்டினேன். "டேய், பழைய 440 வோல்ட் கெப்பாசிட்டருக்கே ரியாக்டரை மாட்டிடாதே" என்றார். ரியாக்டர் சேர்ந்தால் கெப்பாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏழரை சதம் ஏறும். 415 என்பது 446 ஆகிவிடும். அதனால் 525 வோல்ட் கெப்பாசிட்டர்களை, ஏற்ற அளவு கணக்கிட்டு, எழுதினோம். அவர் சொல்லாவிட்டால் நான் இரண்டாவது முறையும் தப்புச் செய்திருப்பேன்.

கட்டணத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் கொடுத்த தவறான யோசனைக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன். ரியாக்டர் விற்றவர் கமிஷன் தர வந்தார், வாங்கவில்லை. வாங்கியிருந்தால், தேவைக்கு மேல் எழுதினேனோ என்ற சந்தேகம் ஆலைக்கு வரும். அந்தப் பேனல் பிறகு தொந்தரவு தரவில்லை. அந்த மேலாளர்தான் அடுத்த இரண்டு ஆலைகளுக்கு என்னை அனுப்பினார்.

இன்று என் அட்டையில் ஒரு பெயர் இருந்தாலும், வேலைக்குப் போவது மூன்று பேர். கருவி அந்தப் பெண்ணுடையது, எச்சரிக்கை என் நண்பருடையது, ஆலைக்காரரின் நம்பிக்கை என்னுடையது. மாணவர்களில் அந்தக் கருவியைக் கையாளக் கற்க விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள். அடுத்த முறை அவருடன் அனுப்பி வைக்கிறேன்.